ஸார்ட் செய்ததும் மொய் ஆள் மாறிவிட்டதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மதுரை, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இப்போது பல விசேஷ வீடுகளில் மொய் எழுதுவது லேப்டாப்பில்தான். பந்தி முடிந்து கூட்டம் கலைந்ததும் அந்தப் பட்டியலை ஊர் வாரியாக, ஊருக்குள் பெயர் வாரியாக அடுக்கி, நோட்டாகப் பிரிண்ட் எடுத்து விசேஷ வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். எழுதும்போது வராத சிக்கலெல்லாம் இந்த அடுக்குகிற வேலையில்தான் வரும். எனக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "அண்ணே, மொத்தம் சரியா இருக்கு, ஆனா ஆளுக்கு ஆள் தொகை மாறிக் கிடக்கு."

மொத்தம் சரியாக இருப்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. தொகைகளை எப்படி மாற்றிப் போட்டாலும் கூட்டுத்தொகை மாறாது. ஐயாயிரம் செய்தவர் பெயருக்கு நேரே ஐந்நூறு என்று அச்சாகி நோட்டு வீட்டுக்குப் போய்விட்டால், நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்யும்போதுதான் வெடிக்கும்.

கீழே எழுதியிருப்பது எக்செலுக்கு. கூகுள் ஷீட்ஸில் வேறுபடுகிற இடத்தைத் தனியாகச் சொல்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம், ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்

ஃபைலை மூடாதீர்கள். Ctrl+Z அழுத்துங்கள், பட்டியல் பழையபடி வரும்வரை அழுத்திக்கொண்டே போங்கள். "சேவ் பண்ணிட்டேனே" என்று பதறி மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். சேவ் செய்த பிறகும் ஃபைல் திறந்தே இருந்தால் Ctrl+Z வேலை செய்யும், மூடித் திறந்தால்தான் அந்த வழி போய்விடும்.

பழையபடி வந்ததும் F12 அழுத்தி வேறு பெயரில் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, அந்தக் காப்பியில் கைவையுங்கள். அன்டூ வேலை செய்யாத நிலைக்குப் போய்விட்டீர்கள் என்றால் கடைசித் தலைப்புக்குப் போங்கள். அதற்கு முன் வரிசை எண்களை மட்டும் தொட்டுவிடாதீர்கள், காரணம் அங்கே இருக்கிறது.

## அறிகுறி: பெயர் ஓரிடம், தொகை ஓரிடம்

இதுதான் பெரிய வியாதி. மூன்று காரணங்கள் உண்டு, லேசானதிலிருந்து பார்க்கலாம்.

### ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்வு செய்திருக்கிறீர்களா?

பெயர் இருக்கும் நெடுவரிசையின் மேலே உள்ள C என்ற எழுத்தை கிளிக் செய்து, A-Z பொத்தானை அழுத்தினால் எக்செல் Sort Warning என்று ஒரு பெட்டி காட்டி, இரண்டு வழி தரும். Expand the selection என்றால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து நகரும், Continue with the current selection என்றால் பெயர் மட்டும் நகரும், ஊரும் தொகையும் இருந்த இடத்திலேயே நிற்கும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்தியிருப்பார்கள். பெரும்பாலான நேரம் காரணம் இவ்வளவுதான்.

முழு நெடுவரிசையைத் தேர்வு செய்து ஸார்ட் செய்யும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். பட்டியலுக்குள் ஏதாவது ஒரே ஒரு கட்டத்தில் கிளிக் செய்தால் போதும், பட்டியல் எதுவரை என்று எக்செல் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

### இரண்டு மூன்று நெடுவரிசைகளைத் தேர்வு செய்திருக்கிறீர்களா?

ஊரையும் பெயரையும் மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்வு செய்து ஸார்ட் செய்தால், மேலே சொன்ன எச்சரிக்கைப் பெட்டியை எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் யோசித்துத்தான் தேர்வு செய்தீர்கள் என்று எடுத்துக்கொண்டு அந்த இரண்டை மட்டும் நகர்த்திவிடும். Ctrl+Z போட்டுவிட்டு ஒற்றைக் கட்டத்தில் கிளிக் செய்து மறுபடி செய்யுங்கள்.

### ஒற்றைக் கட்டத்தில்தான் கிளிக் செய்தேன், அப்படியும் மாறியது

அப்படியானால் பட்டியலின் நடுவே ஒரு வெற்று நெடுவரிசை இருக்கிறது, அனேகமாக அது மறைந்தும் இருக்கிறது.

பட்டியல் எதுவரை என்று எக்செல் கண்டுபிடிப்பது வெற்றிடத்தை வைத்துத்தான். முழுக்கக் காலியான ஒரு நெடுவரிசை வந்தால் பட்டியல் அங்கே முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். அந்த நெடுவரிசை ஹைட் செய்யப்பட்டிருந்தால் உங்கள் கண்ணுக்கு D-யும் F-உம் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும், எக்செலுக்கு அது இரண்டு தனித்தனிப் பட்டியல். ஹைட் செய்த நெடுவரிசைக்குள் விவரம் இருந்தால் பயமில்லை, அது மற்றதோடு சேர்ந்தே நகரும். காலியாக இருந்தால்தான் ஆபத்து.

அண்மையில் வந்த ஒரு ஃபைலில் நடந்தது இது. A வரிசை எண், B ஊர், C பெயர், D தொழில், E செல் எண், F தொகை, G குறிப்பு. செல் எண் நோட்டில் வேண்டாம் என்று விசேஷ வீட்டார் சொல்ல, E-யில் இருந்ததைத் தலைப்போடு கட் செய்து வேறு ஷீட்டில் ஒட்டிவிட்டு, காலியான E-யை ஹைட் செய்துவிட்டார்கள். அதன் பிறகு பெயரில் கிளிக் செய்து A-Z. முதல் மூன்று வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

| வ.எண் | ஊர் | பெயர் | தொகை |
|---|---|---|---|
| 1 | உசிலம்பட்டி | பாண்டி | 501 |
| 2 | செக்கானூரணி | அழகர் | 5001 |
| 3 | உசிலம்பட்டி | காசிமாயன் | 1001 |

A முதல் D வரை மட்டும் நகர்ந்ததும்:

| வ.எண் | ஊர் | பெயர் | தொகை |
|---|---|---|---|
| 2 | செக்கானூரணி | அழகர் | 501 |
| 3 | உசிலம்பட்டி | காசிமாயன் | 5001 |
| 1 | உசிலம்பட்டி | பாண்டி | 1001 |

அழகருக்கு 4500 ரூபாய் குறைந்தது, காசிமாயனுக்கு 4000 கூடியது, பாண்டிக்கு 500 கூடியது. மொத்தம் முன்னேயும் 6503, பின்னேயும் 6503. ஊரும் பெயரும் தொழிலும் ஒன்றாக நகர்ந்ததால் மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

சோதிப்பது இப்படி: பட்டியலுக்குள் ஒரு கட்டத்தில் கிளிக் செய்து Ctrl+A ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். நிழல் விழும் பகுதிதான் ஸார்ட்டில் நகரப்போகும் பகுதி. அது கடைசி நெடுவரிசை வரை, கடைசி ஆள் வரை போகாமல் நடுவிலேயே நின்றால் அங்கே வெற்றிடம் இருக்கிறது. மேலே எழுத்துகளையும் பாருங்கள், D-க்கு அடுத்து F என்று தாவினால் நடுவே ஒன்று ஒளிந்திருக்கிறது.

சரிசெய்ய, D-யிலிருந்து F வரை மேலே உள்ள எழுத்துகளை இழுத்துத் தேர்வு செய்து, வலது கிளிக், Unhide. வெளியே வந்த E உண்மையிலேயே காலி என்றால் Delete செய்துவிடுங்கள். அழகுக்காக இடைவெளி வேண்டும் என்றால் பக்கத்து நெடுவரிசையை அகலமாக்கிக்கொள்ளுங்கள், காலி நெடுவரிசை வைக்காதீர்கள். நடுவே வெற்று வரி இருந்தாலும் இதே கதைதான். அதற்கு மேலே உள்ளவர்கள் மட்டும் அடுக்கப்படுவார்கள், கீழே உள்ளவர்கள் அப்படியே கிடப்பார்கள். ஆனால் அதில் தொகை மாறாது.

எல்லாம் சேர்ந்துதான் நகர்ந்தது என்று உறுதி செய்துகொள்ள ஒரு சின்ன வேலை இருக்கிறது, பெரிய பட்டியல் என்றால் நான் இதைச் செய்யாமல் விடுவதில்லை. E-யை Delete செய்திருந்தால் எல்லாம் ஓரெழுத்து முன்னால் வந்திருக்கும், அப்போது கீழே F-க்குப் பதில் E, H-க்குப் பதில் G, I-க்குப் பதில் H என்று போட்டுக்கொள்ளுங்கள். ஸார்ட்டுக்கு முன்னால் H2-வில் இதைப் போட்டுக் கடைசி ஆள் வரை இழுத்துவிடுங்கள்:

```
=B2&"|"&C2&"|"&F2
```

பிறகு H முழுவதையும் காப்பி செய்து, அதே இடத்தில் Paste Special > Values என்று ஒட்டிவிடுங்கள். இப்போது அது சூத்திரமாக இல்லாமல் வெறும் எழுத்தாக இருக்கும், ஒவ்வொரு ஆளுக்கும் முத்திரை குத்தியது போல. ஸார்ட் முடிந்ததும் I2-வில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=H2=B2&"|"&C2&"|"&F2
```

எல்லா வரியிலும் TRUE வர வேண்டும். 412 பேர் பட்டியல் என்றால் கண்ணால் பார்க்க வேண்டாம், ஒரு ஓரத்தில் இதைப் போட்டால் போதும்:

```
=COUNTIF(I2:I413,FALSE)
```

0 வந்தால் பிரிண்ட் கொடுக்கலாம், வேறு எந்த எண் வந்தாலும் Ctrl+Z. வேலை முடிந்ததும் H, I இரண்டையும் அழித்துவிடுங்கள்.

## அறிகுறி: தலைப்பு வரி பட்டியலுக்குள் போய்விட்டது

ஊர் வாரியாக அடுக்கியதும் மேலே இருந்த தலைப்பு காணாமல் போய்விடும். தேடினால் உத்தப்பநாயக்கனூருக்குக் கீழே, எழுமலைக்கு மேலே "ஊர், பெயர், தொழில், தொகை" என்று ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். "ஊர்" என்ற சொல்லையும் ஓர் ஊராக எடுத்து அகர வரிசையில் வைத்துவிட்டது, அவ்வளவுதான்.

முதல் வரி தலைப்பா, ஆளா என்பதை எக்செல் ஊகிக்கத்தான் செய்கிறது. தலைப்பு எழுத்தாகவும் கீழே எண்ணாகவும் இருந்தால் சரியாகப் பிடித்துக்கொள்ளும், எல்லாமே எழுத்தாக இருந்தால் சில சமயம் தடுமாறும். அதனால் A-Z பொத்தானை நம்பாமல் Data > Sort என்று போய்ப் பெட்டியைத் திறந்து, Sort by பக்கத்தில் உள்ள பட்டியலை இறக்கிப் பாருங்கள்.

- அதில் ஊர், பெயர், தொகை என்று வந்தால் சரி, தலைப்பைப் புரிந்துகொண்டது.
- Column A, Column B என்று வந்தால் புரியவில்லை. வலது மேல் மூலையில் My data has headers என்பதை டிக் செய்யுங்கள்.
- உசிலம்பட்டி, பாண்டி, 501 என்று முதல் ஆளின் விவரமே வந்தால் நேர்மாறான சிக்கல். உங்கள் பட்டியலில் தலைப்பே இல்லை, ஆனால் டிக் இருக்கிறது. இப்படியே விட்டால் முதலில் மொய் எழுதியவர் எத்தனை தடவை ஸார்ட் செய்தாலும் உச்சியிலேயே நிற்பார். டிக்கை எடுங்கள், இல்லையென்றால் தலைப்பு வரி ஒன்று சேர்த்துவிடுங்கள்.

### தலைப்பு இரண்டு மூன்று வரியாக இருந்தால்

மொய் நோட்டுக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வைத்திருப்பார்கள். முதல் வரியில் மணமக்கள் பெயர், மண்டபம், தேதி எல்லாம் கட்டங்களை ஒன்றாக இணைத்து நடுவில் போட்டிருக்கும், இரண்டாவது வரியில்தான் உண்மையான தலைப்பு. எக்செலுக்குத் தலைப்பு என்றால் ஒரே வரிதான். மணமக்கள் பெயரைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு, ஊர்-பெயர்-தொகை வரியைப் பட்டியலுக்குள் தள்ளிவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வெற்று வரியைச் செருகினால் போதும், பட்டியல் உண்மையான தலைப்பிலிருந்து தொடங்கிவிடும். நெடுவரிசையில் வெற்றிடம் ஆபத்து என்றேன், இந்த ஒரு இடத்தில் வெற்று வரி நல்லது. தலைப்பே இரண்டு வரியாக வேண்டும் என்றால் ஒரே கட்டத்துக்குள் Alt+Enter போட்டு மடக்கி எழுதிக்கொள்ளுங்கள்.

"To do this, all the merged cells need to be the same size" என்று சொல்லி ஸார்ட் செய்யவே மறுத்தால், இணைத்த கட்டம் பட்டியலுக்குள் எங்கோ இருக்கிறது. பட்டியலைத் தேர்வு செய்து Home > Merge & Center பக்கத்து அம்புக்குறியில் Unmerge Cells கொடுங்கள். ஊர்ப் பெயரை நாலு பேருக்குச் சேர்த்து ஒரே கட்டமாக இணைத்திருந்தால், பிரித்ததும் முதல் ஆளுக்கு மட்டும் ஊர் இருக்கும், மற்ற மூவருக்கும் காலியாகிவிடும். அதை நிரப்பாமல் ஸார்ட் செய்தால் அந்த மூவரும் ஊர் இல்லாதவர்களாகக் கடைசியில் போய் நிற்பார்கள்.

கடைசி வரியில் உள்ள மொத்தமும் இப்படித்தான், பட்டியலோடு ஒட்டி இருந்தால் அதுவும் ஒரு ஆளாக நகரும். அதற்கும் மேலே ஒரு வெற்று வரி விடுங்கள்.

## அறிகுறி: ஊர் சரியாக வருகிறது, உள்ளே பெயர்கள் கலைந்து கிடக்கின்றன

இங்கே தொகை மாறவில்லை, வரிசைதான் தவறு. பதற வேண்டாம்.

ஊரில் கிளிக் செய்து A-Z மட்டும் செய்திருப்பீர்கள். அதைச் சரிசெய்ய அப்புறம் பெயரில் கிளிக் செய்து A-Z அழுத்தினால் வேறு சிக்கல். இரண்டாவது ஸார்ட் முழுப் பட்டியலையும் பெயர் வாரியாக மாற்றிவிட, ஊர் கலைந்துவிடும். உடனே மறுபடி ஊரில் A-Z அழுத்துவார்கள், ஆச்சரியமாக எல்லாம் சரியாகிவிடும், ஏன் என்று தெரியாது. ஒரே ஊர்க்காரர்களை எக்செல் ஏற்கெனவே இருந்த வரிசையிலேயே விட்டுவைக்கும், அதனால் பொத்தானால் செய்வதென்றால் தலைகீழாகச் செய்ய வேண்டும்: முதலில் பெயர், கடைசியில் ஊர்.

இதை நினைவில் வைப்பதைவிட Data > Sort பெட்டியில் ஒரே மூச்சில் செய்வது மேல். Sort by என்பதில் ஊர். Add Level அழுத்தி, Then by என்பதில் பெயர். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், நம் பக்கத்தில் பாண்டிக்கும் முருகனுக்கும் பஞ்சமா, அதனால் மூன்றாவதாக ஒரு நிலை சேர்த்து இனிஷியல் கொடுங்கள். பெட்டியில் மேலே இருப்பதுதான் பெரியது. பெயர் மேலேயும் ஊர் கீழேயும் இருந்தால் ஊர் நிலைக்கு வேலையே இல்லை, ஒரே பெயர்க்காரர்களை மட்டும்தான் அது பிரிக்கும். இடம் மாற்ற மேலே உள்ள அம்புக்குறிகள் இருக்கின்றன.

### நிலைகள் சரியாக இருந்தும் ஒரே ஊர் இரண்டு மூன்று இடத்தில் வருகிறது

தட்டச்சில்தான் கோளாறு. ஒருவர் உசிலம்பட்டி என்று அடிப்பார், இன்னொருவர் உசிலை என்பார், வேறொருவர் உ.பட்டி. மனிதருக்கு ஒரே ஊர், எக்செலுக்கு மூன்று. Data > Filter போட்டு ஊர் தலைப்பின் அம்புக்குறியை இறக்கினால் எத்தனை விதமாக எழுதியிருக்கிறது என்று வரிசையாகத் தெரியும். Ctrl+H வைத்து ஒன்றாக்குங்கள்.

பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தும் பிரிந்து நின்றால் முன்னாலோ பின்னாலோ ஒரு இடைவெளி ஒட்டியிருக்கும். இதில் 0 தவிர வேறு எண் வரும் வரியில் கோளாறு:

```
=LEN(B2)-LEN(TRIM(B2))
```

இனிஷியலைப் பெயருக்கு முன்னால் சேர்த்து "க.பாண்டி" என்று அடித்திருந்தால் அவர் பா-வில் வரமாட்டார், க-வில் போய் நிற்பார். இனிஷியலுக்குத் தனி நெடுவரிசை வைத்துவிடுவதே நல்லது. ஏற்கெனவே அடித்ததை Data > Text to Columns வைத்துப் புள்ளியில் பிரிக்கலாம், ஆனால் அதற்கு முன் பெயருக்கு வலப்பக்கம் ஒரு புது நெடுவரிசை செருகிக்கொள்ளுங்கள். பிரிந்த பாதி வலப்பக்கம்தான் போகும், அங்கே தொழில் இருந்தால் அதை அழித்துவிட்டு உட்காரும். எழுதலாமா என்று ஒரு வார்த்தை கேட்கும், பழக்கதோஷத்தில் OK கொடுத்துவிடாதீர்கள்.

### உள்ளூர் முதலில், மற்ற ஊர் பிறகு என்று கேட்டால்

அகர வரிசை இங்கே உதவாது. Order என்பதில் Custom List போட்டு ஊர்களை வேண்டிய வரிசையில் எழுதலாம். எனக்கு அதைவிட ஒரு துணை நெடுவரிசை பிடிக்கும்: தாய்மாமன் வகைக்கு 1, உள்ளூருக்கு 2, மற்றவர்களுக்கு 3 என்று எண் போட்டு, அதை முதல் நிலையாக வைத்து, அதன் கீழே ஊர், பெயர். யார் திறந்தாலும் என்ன செய்திருக்கிறோம் என்று பார்த்ததும் புரியும்.

### வரிசையே தமிழ் அகர வரிசையாக இல்லை

பாமினி மாதிரி பழைய ஃபாண்டில் அடித்த பட்டியலாக இருக்கும். அந்தக் கட்டத்தின் ஃபாண்டை Arial என்று மாற்றிப் பாருங்கள், தமிழ் போய் ஆங்கில எழுத்துகள் குப்பையாக வந்தால் அதுதான் காரணம். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, அந்த வரிசையில்தான் அது அடுக்கும். எந்த ஸார்ட் அமைப்பை மாற்றினாலும் தீராது, யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். சின்னப் பட்டியல் என்றால் மாற்றி ஒன்றில் ஒட்டி எடுத்துவிடலாம், பழைய நோட்டுகள் மொத்தமாக இருந்தால் இதற்கென்று ஆள் பிடித்துக் கொடுத்துவிடுவது மேல்.

## அறிகுறி: தொகை வாரியாக அடுக்கினால் சிலர் மட்டும் தனியாக நிற்கிறார்கள்

1001 அடிக்காமல் "1001/-" என்றோ "ரூ.1001" என்றோ அடித்திருப்பார்கள். எக்செலுக்கு அது எண் இல்லை, எழுத்து. சின்னதிலிருந்து பெரியது அடுக்கும்போது எண்களெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் போய் நிற்கும். அதைவிட மோசம், SUM அவற்றைக் கூட்டாது, மொத்தத்தில் குறையும்.

தொகை நெடுவரிசையை மட்டும் தேர்வு செய்து Ctrl+H, Find what என்பதில் /- போட்டு, கீழே காலியாக விட்டு Replace All. "ரூ." இருந்தால் அதற்கும் ஒரு தடவை. /- எதுவும் இல்லாமல் வெறும் 1001 என்பதே எழுத்தாகப் பதிந்திருந்தால், ஸார்ட் செய்யும்போது "Sort anything that looks like a number, as a number" என்று ஒரு பெட்டி கேட்கும், அதைத் தேர்வு செய்து தப்பிக்கலாம், ஆனால் மொத்தம் அப்படியே குறைவாகத்தான் இருக்கும், அதனால் மூலத்தையே சரிசெய்யுங்கள்.

## அறிகுறி: சில வரிகள் நகரவே இல்லை

ஃபில்டர் போட்டு ஒரு ஊரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தபோது ஸார்ட் செய்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரிந்த வரிகள் மட்டும் இடம் மாறும், மறைந்தவை இருந்த இடத்திலேயே நிற்கும். கையால் ஹைட் செய்த வரிகளும் அப்படியே. இடப்பக்க எண்கள் நீலமாகத் தெரிந்தாலோ, 14-க்கு அடுத்து 19 என்று தாவினாலோ இதுதான். Data > Clear கொடுத்து, ஹைட் செய்ததை வெளியே எடுத்து, மறுபடி ஸார்ட் செய்யுங்கள். ஆளும் தொகையும் பிரிந்திருக்காது.

## அறிகுறி: பட்டியல் சரி, இன்னொரு ஷீட்டில் உள்ள தொகை மாறிவிட்டது

சுருக்க ஷீட்டில் தாய்மாமன் தொகையைக் காட்ட =Sheet1!F12 என்று போட்டிருப்பார்கள். அது ஆளைப் பார்ப்பதில்லை, 12-ஆவது வரியைப் பார்க்கிறது. ஸார்ட்டுக்குப் பிறகு அங்கே வேறு ஆள். வரிசை எண்ணைச் சொல்லித் தேடவிடுங்கள்:

```
=VLOOKUP(11,Sheet1!A:F,6,FALSE)
```

வரிசை எண் 11 எந்த வரிக்குப் போனாலும் அவருடைய தொகையே வரும். ஒவ்வொரு வரியிலும் "இதுவரை மொத்தம்" காட்டும் நெடுவரிசை இருந்தால், அதை அழித்துவிட்டு ஸார்ட் செய்து, முடிந்ததும் புதிதாகப் போடுங்கள். மேல் வரியை நம்பி நிற்கும் சூத்திரம் ஸார்ட்டைத் தாங்காது. ஷீட்டுகள் பலவாகி, மேக்ரோவும் சேர்ந்திருந்தால் அந்த ஃபைலைச் செய்தவரையே கூப்பிடுங்கள், அடுத்தவர் எழுதியதில் கைவைத்தால் ஒன்றைத் தொட இரண்டு அவிழும்.

## கூகுள் ஷீட்ஸில்

Sort sheet என்று ஒன்று, Sort range என்று ஒன்று இருக்கும். Sort sheet முழு ஷீட்டையும் நகர்த்தும், பக்கத்தில் செலவுக் கணக்கு போட்டிருந்தால் அதையும் சேர்த்து. தலைப்பைக் காப்பாற்ற View > Freeze > 1 row கொடுத்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். Sort range என்றால் பட்டியல் முழுவதையும் தேர்வு செய்து, Advanced range sorting options உள்ளே போய் Data has header row டிக் செய்யுங்கள். இங்கே ஒரு நிம்மதி, தவறிவிட்டால் File > Version history > See version history என்று போய்ப் பழைய நிலையை எடுத்துவிடலாம்.

## சேவ் செய்து மூடியாகிவிட்டது, இனி என்ன?

முதலில் பழைய காப்பி எங்காவது இருக்கிறதா பாருங்கள். விசேஷ வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஃபைல், பிரிண்ட் கடைக்கு மெயில் செய்தது, பென்டிரைவில் போட்டது, இவற்றில் ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். ஃபைல் ஒன்டிரைவில் இருந்தால் File > Info > Version History பாருங்கள்.

எதுவும் இல்லையென்றால் வரிசை எண்ணைப் பாருங்கள். மேலே சொன்ன காசிமாயன் கணக்கில் வரிசை எண் 2, 3, 1 என்று கலைந்திருந்ததல்லவா, அதுதான் உயிர். A முதல் D வரை நகர்ந்தது, F-உம் G-யும் மொய் எழுதிய வரிசையிலேயே அசையாமல் இருக்கின்றன. ஆகவே A2 முதல் D413 வரை மட்டும் தேர்வு செய்து, Data > Sort, My data has headers டிக்கை எடுத்து, Column A, Smallest to Largest. பாதியை மட்டும் ஸார்ட் செய்யக்கூடாது என்று இவ்வளவு நேரம் சொன்னேன், இங்கே வேண்டுமென்றே பாதியைத்தான் செய்கிறோம். 1-க்கு நேரே 501, 2-க்கு நேரே 5001 என்று தொகை தன் ஆளிடம் வந்துவிடும். இடையில் எத்தனை தடவை ஸார்ட் செய்திருந்தாலும், F, G அசையாமல் இருந்தவரை இது பலிக்கும். ரசீது அடிக்கட்டையிலிருந்து எங்கெங்கோ உள்ள பத்துப் பேரை எடுத்து ஒத்துப் பாருங்கள்.

வரிசை எண் கலைந்து கிடக்கிறதே என்று 1, 2, 3 என்று யாராவது புதிதாக இழுத்துவிட்டிருந்தால் இந்த வழி அடைபட்டது. வரிசை எண்ணை =ROW()-1 என்று சூத்திரமாகப் போட்டிருந்தாலும் அப்படியே, அது எங்கே போனாலும் அந்த இடத்து எண்ணைத்தான் காட்டும்.

பெயர் நெடுவரிசை மட்டும் தனியாக நகர்ந்து, வரிசை எண் ஒழுங்காக 1, 2, 3 என்றே நின்றால், எந்தப் பெயர் எந்த வரியில் இருந்தது என்பதற்கான தடயம் அந்த ஃபைலுக்குள் இல்லை. எந்தக் கம்ப்யூட்டர் ஆளாலும் அதை அந்த ஃபைலிலிருந்து மீட்க முடியாது, மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். பழைய காப்பி அதே கம்ப்யூட்டரில் இருந்து தவறுதலாக அழிக்கப்பட்டிருந்தால் மட்டும் டேட்டா ரிகவரி செய்பவரிடம் போகலாம், போகும்வரை அந்த கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் சேவ் செய்யாமல் அணைத்து வையுங்கள். அதுவும் இல்லையென்றால் ரசீது அடிக்கட்டைகளை எடுத்து, பெயர் நெடுவரிசையை மட்டும் வரிசை எண்படி மறுபடி அடிப்பதுதான் வழி. ஊரும் தொழிலும் தொகையும் சரியாகவே நிற்பதால், ஒருவர் வாசிக்க ஒருவர் அடித்தால் 412 பேரை ஒரு பகலில் முடித்துவிடலாம்.